‘கேன்சல் பண்ணிட்டாங்க’: ஒரு லீவு, இரண்டு செய்தி, இரண்டு காரணம்

நுவரெலியாவில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் நான் செயற்பாட்டு அதிகாரியாக இருந்தபோது, எங்கள் காசாளர் ஒரு புதன்கிழமை இரவு 7.40க்கு முகாமையாளருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியும், 7.52க்குத் தன் குடும்பத்துக்கு இன்னொன்றும் அனுப்பினார். மறுநாள் தொடங்க வேண்டிய நாலு நாள் லீவை எடுக்கவில்லை என்பதுதான் இரண்டிலும் விஷயம். இரண்டையும் சேர்த்தாலும் பத்து வரி வராது. அதனால் வந்த வினையைச் சரிக்கட்ட அவருக்கு அந்த வாரமே போனது, வீட்டில் அதற்கு மேலும் ஆனது. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர்களையும் அடையாளம் தெரியக்கூடிய சிலதையும் விட்டிருக்கிறேன். தம்பி என்றே எழுதிவிடுகிறேன், கிளையிலும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

லீவு எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும், அது தெரியாமல் மற்றது விளங்காது. ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய அக்கா குடும்பம் இருக்கிறது. அக்காவின் மூத்த மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சடங்கு. அக்காவுக்குக் கூடப் பிறந்த ஆண் பிள்ளை இவர் ஒருத்தர்தான், ஆக தாய்மாமன் இவர். அவர்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் தண்ணீர் மாமன் ஊற்ற வேண்டும், கட்டப்போகும் சேலை மாமன் சீராக வர வேண்டும், பந்தல் போடுவதிலிருந்து சீர்த்தட்டு அடுக்குவது வரை மாமன் முன்னால் நிற்க வேண்டும். சித்தப்பாவோ பெரியப்பாவோ வரவில்லை என்றால் ஒரு குறையாகப் பேசிவிட்டு விடுவார்கள், மாமன் இல்லை என்றால் சடங்கே தடுமாறும்.

மூன்று வாரத்துக்கு முன்பே முறையாக விண்ணப்பித்திருந்தார். வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் என நாலு நாள். சனி, ஞாயிறு எங்கள் கிளை பூட்டு. இங்கே தனியார் அலுவலகங்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடாந்த லீவு 14 நாள், அமைய லீவு 7 நாள். சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது, இரண்டாம் வருடத்தில் கிடைப்பதும் முதல் வருடத்தில் எந்த மாதம் சேர்ந்தோம் என்பதைப் பொறுத்தது. இவர் முந்தின வருடம் பெப்ரவரியில் சேர்ந்தவர், மார்ச் 31க்குள் சேர்ந்ததால் முழு 14. எட்டு நாள் எடுத்துவிட்டார், மிச்சம் ஆறு. அதில் நாலு. நடந்தது நவம்பர் மாதம், எங்கள் நிறுவனத்தில் மிச்ச லீவை டிசம்பர் 31 தாண்டிக் கொண்டுபோக விடுவதில்லை. இந்தக் கணக்கு பின்னால் வரும்.

அடுத்தது சாவி. காசாளர் லீவு என்பது மற்ற ஆட்களின் லீவு மாதிரி இல்லை. எங்கள் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று காசாளரிடம், மற்றது என்னிடம். இரண்டும் ஒரே நேரத்தில் போட்டால்தான் திறக்கும், இரண்டும் ஒரே ஆளிடம் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. காசாளர் லீவு போகும் முன் மாலை நேரம் காசை எண்ணி, தொகையைக் கிளைக் கணக்கோடு ஒப்பிட்டு, சாவியை உறையிலிட்டு, உறையின் ஒட்டு மேல் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, சாவிப் பதிவேட்டில் எழுதி, நியமிக்கப்பட்ட மூன்றாவது ஆளிடம் கொடுக்க வேண்டும். எங்களில் அது கடன் பிரிவு அதிகாரி. அவர் உறையை வைத்திருக்கலாம், ஆனால் காசாளர் வேலை பார்க்கக் கூடாது, கடனை அங்கீகரிக்கிறவர் கையில் காசு இருக்கக் கூடாதென்று விதி. அதனால் பதில் காசாளர் வேறு கிளையிலிருந்து வர வேண்டும். ஹட்டனிலிருந்து ஒரு மிஸ் வருவதாக இருந்தது.

புதன்கிழமை மாலை 5 மணிக்கெல்லாம் இதெல்லாம் முடிந்தது. நான்தான் கூட நின்று எண்ணினேன். தம்பி பதிவேட்டில் ‘வியாழன் முதல் விடுமுறைக்காக ஒப்படைத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறைக்குப் போய் உடுப்பு அடுக்கினார். சேலை ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி அவருடைய அறையில் இருந்தது, வளையலும்.

இரவு 7.20க்கு ஹட்டன் மிஸ் அவருக்கு அழைத்தார். அவருடைய பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், டிக்கோயா ஆஸ்பத்திரியில் வார்டில் வைத்திருக்கிறார்கள், நாளைக்கு வர முடியாது. “சேருக்கும் சொல்லிட்டேன் தம்பி, உங்களுக்கும் தெரியட்டும்னுதான்” என்றாராம். தம்பி பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். சேர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்கவில்லை.

சேர் என்றால் எங்கள் முகாமையாளர், அவர் அன்று கண்டியில் கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஹட்டன் மிஸ் அவருக்கு 6.30க்கே சொல்லிவிட்டார், அவர் புசல்லாவையை நெருங்குவதற்குள் பண்டாரவளைக் கிளையில் பேசி வேறு ஒருத்தரை ஒழுங்கு செய்துவிட்டார். அதைத் தம்பிக்குச் சொல்லவில்லை. லீவில் போகிற ஆளுக்கு அதை ஏன் சொல்ல வேண்டும், பதில் ஆள் தேடுவது முகாமையாளர் வேலை என்று நினைத்திருக்கிறார், அது நியாயம்தான். பிறகு அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. தம்பி ஒரு தரம் அழைத்துப் பார்த்தார், போகவில்லை. டிசம்பரில் தம்பிக்குத் தர உயர்வுக்கான மதிப்பீடு இருந்தது. நாளைக்குக் காசாளர் இல்லாமல் கிளை நிற்கும், தன் பெயர்தான் கெடும் என்ற பயம். அந்தப் பயத்தோடு இதை எழுதினார்:

“சேர், ஹட்டன் மிஸ்ஸுக்கு நாளைக்கு வர முடியாதாம். பிள்ளைக்குச் சுகமில்லை. அதனால் நான் லீவு போகவில்லை. வழமை போல வேலைக்கு வருகிறேன். நிறுவனத்தின் நன்மை கருதி குடும்ப நிகழ்வைத் தவிர்த்துக்கொண்டேன். நன்றி சேர்.”

பன்னிரண்டு நிமிடம் கழித்து, 43 பேர் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இது:

“அக்கா, என் லீவை கேன்சல் பண்ணிட்டாங்க. என்னால ஒன்னும் செய்ய முடியல. எல்லாரும் மன்னிச்சுக்குங்க. சடங்கை நல்லபடியா நடத்துங்க. சீர் காசு அனுப்பி விடுறேன்.”

அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அம்மா 8 மணியிலிருந்து நாலு தரம் அழைத்திருக்கிறார், எடுக்கவில்லை. அழுகிற குரலைக் கேட்கத் தைரியம் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வியாழன் காலை

நான் 8 மணிக்குக் கிளையைத் திறந்தபோது வாசலில் இரண்டு காசாளர் நின்றார்கள். ஒருத்தர் எங்கள் தம்பி, மற்றவர் பண்டாரவளையிலிருந்து காலை 5.30 பஸ் ஏறி, வெலிமடை வழியாகக் குளிரில் நடுங்கி வந்தவர். சேர் செய்தியைப் பார்த்ததே 6.50க்கு, அதற்குள் பண்டாரவளை ஆள் பாதி வழி வந்துவிட்டார்.

தம்பி, “நானே பார்க்கிறேன், அண்ணனுக்கு வீண் சிரமம்” என்று உள்ளே போய்க் கணினியில் தன் பெயரைப் போட்டார். உள்ளே விடவில்லை. லீவில் இருக்கிற ஆளின் பயனர் கணக்கு அந்த நாட்களுக்குத் தானாகவே முடங்கிவிடும், யாரும் இன்னொருத்தர் பெயரில் காசு அசைக்காமல் இருப்பதற்காக வைத்த ஏற்பாடு. அதைத் திறக்க முகாமையாளர் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அங்கே ஆள் வந்து பார்க்க வேண்டும், எப்படியும் 10, 11 மணி ஆகும். சாவி உறையும் அவர் கைக்குத் திரும்ப வருவதென்றால் மறுபடி எண்ண வேண்டும், மறுபடி பதிய வேண்டும். ஆக, பண்டாரவளை ஆள் வராமலே இருந்திருந்தாலும் இவருடைய ‘வழமை போல வருகிறேன்’ என்ற வரியால் அன்று காலை காசுக் கருமபீடம் திறந்திருக்காது. லீவு என்பது மனதுக்குள் எடுத்த முடிவு மட்டுமில்லை, அதைச் சுற்றி நாலைந்து பேர் ஏற்கெனவே வேலை செய்து முடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பின்னோக்கித் திருப்ப ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அதை யாராவது ஒருத்தர் சொல்லியாக வேண்டும்.

9.20க்குக் கிளைத் தொலைபேசி அடித்தது. தம்பியின் அத்தான். முகாமையாளரைக் கேட்டார். நான் இணைப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில்தான் நின்றேன், அந்தப் பக்கக் குரல் வெளியே கேட்டது. “ஒரு தாய்மாமனுக்கு நாலு நாள் லீவு குடுத்தா உங்க கம்பனி கவுந்துருமா சேர்? மூணு வாரத்துக்கு முந்தி குடுத்த லீவை முந்தின நாள் ராத்திரி புடுங்குறது எந்த ஊரு நியாயம்?” சேர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “நான் யாருடைய லீவையும் எடுக்கலயே” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் அதை நம்பவில்லை. எப்படி நம்புவார்கள், வீட்டுப் பிள்ளை கைப்பட எழுதி 43 பேர் பார்த்திருக்கிறார்கள்.

தம்பி என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

அன்று 10 மணி போல நானும் அவரும் மேல்மாடிச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து போனில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். சேருக்கு எழுதியதில் ‘நான் லீவு போகவில்லை’, ‘தவிர்த்துக்கொண்டேன்’. வீட்டுக்கு எழுதியதில் ‘பண்ணிட்டாங்க’. ஒரே முடிவு, ஒரு இடத்தில் ‘கொண்டேன்’ என்பதன் ‘-ஏன்’, இன்னொரு இடத்தில் ‘-ஆங்க’. தமிழில் முடிவெடுத்த ஆள் யார் என்பது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது, ‘பண்ணிட்டேன்’ என்பதை ‘பண்ணிட்டாங்க’ ஆக்க விரல் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கோபம் அப்படியே தன்மேலிருந்து நகர்ந்து முகம் தெரியாத ஒரு கூட்டத்தின் மேல் விழுந்துவிடும். அவருக்கு அது பொய் என்றுகூட அந்த நேரம் தோன்றவில்லையாம், “நிலைமை அப்படிப் பண்ணிடுச்சுன்னு நெனச்சேன்” என்றார். அதை நான் நம்புகிறேன். நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறோம், அலுவலகத்துக்கு நம் தியாகத்தையும் வீட்டுக்கு நம் இயலாமையையும். ஆனால் படிக்கிறவர்களுக்கு அந்த ‘ஆங்க’வில் ஒரு ஆள் தெரிகிறார், தொலைபேசி எண்ணும் பெயர்ப்பலகையில் இருக்கிறது. மலைநாட்டில் டவுன் கிளைக்கும் தோட்டத்து வீட்டுக்கும் இடையில் ரகசியம் நிற்காது, அந்தக் கிளையில் அடகு வைத்த ஒருத்தராவது அந்த லயத்தில் இருப்பார்.

இரண்டாவது விஷயம் எனக்கே அப்போதுதான் பட்டது. சடங்கு ஞாயிற்றுக்கிழமை. ஹட்டன் மிஸ் வராததால் இடிக்கிற நாட்கள், மிஞ்சிப் போனால், வியாழனும் வெள்ளியும். திங்கட்கிழமைக்கு வேறு ஆள் தேட நாலு நாள் இருக்கிறது. வெள்ளி மாலை கிளை பூட்டியதும் பஸ் ஏறினால் இரவுக்குள் வீட்டில் நிற்கலாம், ஞாயிறு தண்ணீரும் ஊற்றலாம். அப்படியிருக்க ஏன் நாலு நாளையும் ரத்துச் செய்தார், ஏன் சடங்குக்கே வரமாட்டேன் என்று எழுதினார்? கேட்டேன். “பந்தல் வேல, சீர் அடுக்குற வேல ஒன்னும் செய்யாம ஞாயித்துக்கிழம வந்து நிக்கிறதுக்கு மொகம் வேணுமேண்ணே” என்றார். அவருக்கு அந்த நாலு நாளும் பிரிக்க முடியாத ஒரு கட்டாக இருந்திருக்கிறது, முழுசாகப் போவது அல்லது முழுசாக விடுவது. கடைசி நேரத்தில் லீவை விடுகிறவர்கள் அதிகமாகத் தவறுகிற இடம் இதுதான் என்று நான் பிறகு வேறு கிளைகளிலும் பார்த்தேன். எந்த நாள் இடிக்கிறது என்று நாள் நாளாகப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, சேர் சொன்னது. அத்தானோடு பேசி முடித்த பிறகு தம்பியைக் கூப்பிட்டு, கோபம் இல்லாமல்தான் சொன்னார்: “தம்பி, நீ கேட்டு நான் அனுமதிச்சது. நீ வேணாம்னு எழுதினா அது கோரிக்கைதான், நான் சரின்னு சொல்லாத வரைக்கும் லீவு லீவாத்தான் நிக்கும். நான் இன்னும் சரின்னு சொல்லல.” சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக நான் சொல்ல வரவில்லை, எங்கள் அலுவலக நடைமுறை அது. ஆனால் நடைமுறையாக அது மிகச் சரி. செய்தி அனுப்பியதோடு ரத்தாகிவிட்டது என்று தம்பி நினைத்தார், பதிவேட்டிலும் கணினியிலும் லீவு உயிரோடுதான் இருந்தது. பண்டாரவளை ஆள் வராமல், இவர் ஒருவாறு நாலு நாளும் வேலை செய்து, யாரும் கணினியில் மாற்றாமல் விட்டிருந்தால், ஆறில் நாலு நாள் கழிந்து போயிருக்கும். டிசம்பர் கடைசியில் சம்பளத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

எப்படி எழுதியிருக்கலாம்

அந்த இரவு அவருக்குத் தெரிந்திருந்ததை மட்டும் வைத்து, ஒன்றும் கூடுதலாகத் தெரியாமல், எப்படி எழுதியிருக்கலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் எழுதிப் பார்த்தோம். முதலில் போன். சேர் கிடைக்கவில்லையா, அடுத்த சாவி என்னிடம், எனக்கு அழைத்திருக்க வேண்டும். விடிந்தால் யாரோ ஒருத்தர் பஸ் ஏறப்போகிறார் என்றால் எழுத்து மட்டும் போதாது. எனக்கு அழைத்திருந்தால் நானும் சேரைப் பிடித்திருக்க முடியாது, ஆனால் பண்டாரவளைக்கு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், அந்த இரவே விஷயம் முடிந்திருக்கும். அப்புறம் இந்தச் செய்தி:

“சேர், நாளை வியாழன் முதல் செவ்வாய் வரை நீங்கள் அனுமதித்த எனது 4 நாள் வருடாந்த லீவு பற்றி. ஹட்டன் மிஸ் 7.20க்கு அழைத்து நாளை வர முடியாது என்றார், உங்களுக்கும் சொன்னதாகச் சொன்னார். வேறு ஆள் ஒழுங்காகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆகவில்லை என்றால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வேலைக்கு வரத் தயார். வெள்ளி 5 மணிக்கு நான் கிளம்ப வேண்டும், ஞாயிறு அக்கா மகளின் சடங்கு, தாய்மாமன் நான். திங்கள், செவ்வாய் லீவு அப்படியே வேண்டும். விடுகிற இரண்டு நாளை டிசம்பரில் எடுக்க விரும்புகிறேன். நான் வருவதானால் என் பயனர் கணக்கைத் திறக்கக் காலையில் முதல் வேலையாகக் கொழும்புக்குச் சொல்ல வேண்டும், சாவி உறையையும் திரும்பப் பதிய வேண்டும். உங்கள் பதில் வரும் வரை லீவு இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். செயற்பாட்டு அதிகாரிக்கு இப்போது போனில் சொல்லிவிட்டேன்.”

பழைய செய்தியில் இருந்த ‘நிறுவனத்தின் நன்மை கருதி’ இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டு சேர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அவர் ஆம் அல்லது இல்லை சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறது, அந்த ஒரு வரி போதும், ‘ஆள் ஒழுங்காச்சு தம்பி, நீ போ’ என்று 6.50க்காவது பதில் வந்திருக்கும்.

வீட்டுக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு தரம் எழுதி அழித்தோம். முதலில் யாருக்கு என்பதே ஒரு கேள்வி. குழுவில் போட்டதால் கொழும்பில் இருக்கிற சித்தி மகனுக்கும், கட்டாரில் இருக்கிற மச்சானுக்கும் தெரிந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. அக்கா அந்த நேரம் பலகாரச் சட்டிக்கு முன்னால் நின்றாராம், பக்கத்து வீட்டுப் பெண் வந்து “ஏன்க்கா, தம்பி வரலயாம்ல” என்று கேட்டபோதுதான் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். வராமல் போவதைவிட அது அதிகம் சுட்டது. அம்மாவிடம் போனில், பிறகு அக்காவிடம் போனில், அதற்குப் பிறகு எழுத்தில், குழுவுக்கு அக்கா சொல்லிக்கொள்வார். அந்த ஒழுங்கு தவறக் கூடாது.

அப்புறம், பதில் ஆள். அலுவலகத்தில் தான் இல்லாவிட்டால் யார் நிற்பார் என்பதைப் பற்றி இவருக்கு அத்தனை கவலை, வீட்டில் தன் இடத்தில் யார் நிற்பார் என்று ஒரு சொல் எழுதவில்லை. சேலை நுவரெலியாவில் இவருடைய அறையில் கிடக்கிறது, ‘காசு அனுப்புறேன்’ என்கிறார். காசை வைத்து என்ன செய்வது, வாங்கின சேலை எப்படி வந்து சேரும், தட்டை யார் தூக்குவது? அக்காவுக்கான செய்தி இப்படி வந்தது:

“அக்கா, வியாழன் வெள்ளி ரெண்டு நாள் லீவை நானே விட்டுக் குடுக்கிறதா சேருக்கு எழுதியிருக்கேன். எனக்குப் பதிலா வர இருந்த மிஸ்ஸுக்குப் பிள்ளை ஆஸ்பத்திரியில. யாரும் என்னைய வற்புறுத்தல, முடிவு என்னோடது, ஏசுறதுன்னா என்னைய ஏசு. சேர் பதில் காலையில வரும், ஆள் கெடைச்சா நாளைக்கே வந்துருவேன், இல்லன்னா வெள்ளி ராத்திரி வீட்டுல இருப்பேன். பந்தல் வேலைக்குப் பெரியப்பா வீட்டு அண்ணன்கிட்டப் பேசிட்டேன், பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டார். சேலை, வளையல் என்கிட்டதான் இருக்கு, கையோட கொண்டு வரேன். ஞாயித்துக்கிழம மொதத் தண்ணி நான்தான் ஊத்துவேன்.”

சேருக்கு எழுதியதையும் இதையும் யாராவது ஒருத்தர் சேர்த்துப் படித்தாலும் ஒன்றுக்கொன்று முட்டாது. அத்தான் போனை எடுத்திருந்தாலும், “ஆள் கெடைச்சுச்சா சேர்?” என்றுதான் கேட்டிருப்பார்.

நடந்தது

இந்த இரண்டும் அனுப்பப்படாத செய்திகள். உண்மையில் அனுப்ப வேண்டியிருந்தது மூன்றாவது ஒன்று. 10.40க்கு முதலில் அக்காவுக்கு அழைத்தார், அவர் எடுக்கவில்லை. அம்மா எடுத்தார், அழுதார், கேட்டார், “வந்து சேரு” என்று வைத்துவிட்டார். அதன் பிறகு குழுவிலேயே எழுதினார். தனியாக எழுது என்று நான் சொன்னேன். “பொய்யைக் குழுவுலதானே போட்டேன்” என்றார், நான் அதற்கு மேல் பேசவில்லை.

“அக்கா, நேத்து நான் எழுதுனது பொய். ஆபீஸ்ல யாரும் லீவை கேன்சல் பண்ணல. ஆள் இல்லன்னு நெனச்சுப் பயந்து நானே வேணாம்னு எழுதிட்டு, அவங்க மேல பழியப் போட்டுட்டேன். சேர் மேல ஒரு பிழையும் இல்ல, அத்தான் தயவுசெஞ்சு அவருக்கு ஒருக்கா போன் பண்ணிச் சொல்லுங்க. இன்னைக்கு ஒரு மணி பஸ்ல சேலையோட வரேன். அண்ணனை மாமனா நிறுத்துறதா பேசியிருந்தா அதை மாத்தாதீங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்.”

பேசித்தான் இருந்தார்கள். புதன் இரவே குடும்பம் கூடி, பெரியப்பா மகனை, அவரும் அக்காவுக்கு அண்ணன் முறைதானே, மாமனாக நிறுத்துவதென்று முடிவு செய்து, அவர் வியாழன் காலை பண்டாரவளைக்கு இறங்கிக் கடன் வாங்கி ஒரு சேலை எடுத்துவிட்டார். அந்த ஆளைப் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

லீவுக் கணக்கில் நாலு நாளும் அப்படியே கழிந்தது, வியாழன் காலை கிளையில் நின்றதற்குக் கணக்கில்லை, தம்பியும் கேட்கவில்லை. அத்தான் அன்று மாலையே சேருக்கு அழைத்து வருத்தம் தெரிவித்தார். பண்டாரவளை அதிகாரி செவ்வாய் வரை இருந்து பார்த்துவிட்டுப் போனார். தர உயர்வு மதிப்பீட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை, நான் பக்கத்திலிருந்து பார்த்ததால் சொல்கிறேன். எங்கள் ஒப்படைப்புத் தாளில் சேர் அதற்குப் பிறகு ஒரு கட்டம் கூட்டினார்: ‘பதில் ஆள் வராவிட்டால் லீவில் போகிறவர் செய்ய வேண்டியது: முகாமையாளருக்கோ செயற்பாட்டு அதிகாரிக்கோ அழைப்பது மட்டும்’. கீழே எங்கள் இரண்டு பேரின் எண்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முதல் குடம் ஊற்றினார், தம்பி இரண்டாவது. பிள்ளை அண்ணன் எடுத்த சேலையைத்தான் முதலில் கட்டியது, இவர் வாங்கியதை மாலையில் ஆலத்தி எடுக்கும்போது கட்டிவிட்டார்கள். அக்கா திங்கட்கிழமை வரை இவரோடு பேசவில்லை. செவ்வாய் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பலகாரப் பொட்டலம் இரண்டு கொடுத்து, ஒன்று உனக்கு, மற்றது உங்க சேருக்கு என்று சொன்னாராம்.